முகம் ஏன் போனுக்குப் போன் நிறம் மாறுகிறது?

பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். பந்தி முடிவதற்குள் ஒரே குழுப் படம் நாலு பேர் போனில் நாலு விதமாக இருக்கும். ஒன்றில் மாப்பிள்ளை பளிச்சென்று வெளுத்திருப்பார். இன்னொன்றில் செம்பு நிறம். மூன்றாவதில் நேரில் பார்த்த மாதிரியே இருப்பார், ஆனால் அந்தப் படத்தை யாரும் கேட்க மாட்டார்கள். "அந்த வெள்ளையா இருக்கிற படத்தையே அனுப்புங்க அண்ணே" என்பதுதான் வழக்கமாக வரும் கோரிக்கை.

இந்த வித்தியாசம் லென்ஸிலோ மெகாபிக்சலிலோ வருவதில்லை. பெரும்பங்கு, போன் தயாரிப்பாளர் எடுத்து வைத்திருக்கும் முடிவுகளால் வருகிறது. அதைத்தான் கலர் டியூனிங் என்கிறார்கள். புதுப் போன் வாங்குமுன் மாதிரிப் படங்களைப் பார்த்து அந்த முடிவுகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இங்கே விஷயம். வானம், புல், சாப்பாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வானம் கொஞ்சம் கூடுதல் நீலமாக இருந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். முகம் அப்படியில்லை.

முதலில் நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கேமரா சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு குட்டி வடிகட்டியை வைத்துவிடுகிறார்கள். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புதான் சற்று மாறிய வடிவங்களில் இன்றும் உங்கள் போனில் இருக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் கச்சா படம் பச்சை பாய்ந்து, மங்கிப்போய், பார்க்கவே சகிக்காது. அதை முகமாக மாற்றுவது மென்பொருள்.

மென்பொருள் நாலு வேலை செய்கிறது. முதலில், இங்கே இருக்கும் வெளிச்சம் என்ன நிறம் என்று ஊகித்து, வெள்ளையை வெள்ளையாக்குகிறது. இது வொயிட் பேலன்ஸ். அடுத்து, சென்சார் கொடுத்த மூன்று எண்களையும் ஒன்றோடொன்று கலந்து மனிதக் கண் காணும் நிறத்துக்கு அருகில் கொண்டுவருகிறது. மூன்றாவது, இருட்டை எவ்வளவு தூக்குவது, பிரகாசத்தை எவ்வளவு அடக்குவது, நிறத்தின் அடர்த்தியை எவ்வளவு கூட்டுவது என்று தீர்மானிக்கிறது. நாலாவது, இன்றைய போன்களில் மிக முக்கியமானது: படத்தில் முகம் எங்கே, தோல் எங்கே, வானம் எங்கே என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம் செய்கிறது.

இந்த நாலாவது வேலையால்தான் 'இயல்பு', 'பளிச்' என்று ஒரு போனை ஒரே சொல்லில் அடக்க முடியாமல் போகிறது. கடலையும் வானத்தையும் அடர்த்தியாகக் காட்டிவிட்டு முகத்தைத் தொடாமல் விடும் போன் உண்டு. மற்றதையெல்லாம் அடக்கமாக வைத்துவிட்டு முகத்தை மட்டும் இரண்டு படி வெளுக்கும் போனும் உண்டு. இரண்டாவது வகை, விமர்சனங்களில் "இயல்பான நிறம்" என்று பாராட்டு வாங்கிவிடுவதும் நடக்கிறது, ஏனென்றால் விமர்சகர் காட்டியது பூவையும் கட்டடத்தையும்.

தயாரிப்பாளர்கள் இதை மறைப்பதில்லை, விற்பனைக்கே பயன்படுத்துகிறார்கள். சியோமி 2022-இல் கேமரா நிறுவனமான லைக்காவோடு சேர்ந்தபோது கேமராவைத் திறந்ததும் லைக்கா ஆதென்டிக், லைக்கா வைப்ரன்ட் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. விவோவில் லென்ஸ் நிறுவனமான ஜைஸ் பெயரில் இயல்பு நிறத்துக்கு ஒரு தேர்வு இருக்கிறது. ஆப்பிள் 2021-இல் ஐபோன் 13-உடன் படத்தின் நிறத் தோற்றத்தை நாமே தேர்ந்தெடுக்கும் போட்டோகிராபிக் ஸ்டைல்ஸ் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கூகல் அதே ஆண்டு பிக்சல் 6-உடன் ரியல் டோன் என்ற பெயரில், கறுத்த, மாநிறத் தோல்களைச் சரியாகக் காட்டுவதையே ஒரு வசதியாக முன்வைத்தது. கேமரா உலகம் ரொம்பக் காலம் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்திருந்தது. பிலிம் காலத்தில் அச்சுக்கூடங்களுக்குக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அந்தச் சாய்வு இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் நம்மைப் போன்றவர்கள் மாதிரிப் படங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதில் தப்பில்லை.

சரி, தோலின் நிறம் எப்படி இருக்க வேண்டும்? இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தோலுக்கு நிறம் கொடுப்பவை முக்கியமாக மெலனினும் ரத்தமும். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் அதே இரண்டுதான், அளவுதான் வேறு. அதனால் நிறச் சக்கரத்தில் வைத்துப் பார்த்தால் எல்லோருடைய தோலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஆரஞ்சுப் பக்கமாக விழும். சிவப்பை 0 பாகை, மஞ்சளை 60 பாகை என்று வைத்தால், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தோல் பெரும்பாலும் 10-க்கும் 30-க்கும் நடுவில் இருக்கும். மனிதருக்கு மனிதர் பெரிதாக மாறுவது வெளிர்–கருமை அளவுதான். சக்கரத்தில் விழும் அந்த இடம், அதாவது நிறச் சாய்வு, மாறினால் முகம் நோய் கண்டதுபோல் தெரியும். வெளிர்–கருமை மாறினால் அது வேறு ஆளின் முகம்போல் தெரியும். இந்த இரண்டு கோளாறுகளையும் தனித்தனியாகப் பார்க்கப் பழக வேண்டும்.

ஒரு படத்தை எடுத்து இதைச் செய்து பார்ப்போம். ஜார்ஜ் டவுனில் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துக் கடை வரிசை, காலை வெயில். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், அஞ்சடியில், மூன்று பேர் நிற்கிறார்கள்: அரக்கு நிறப் பட்டுச்சேலையில் மாநிறத்துக்குச் சற்றுக் கூடுதலான கருமையில் ஓர் அக்கா, அவரோடு வேலை செய்யும் சீனப் பெண், தலையில் துடோங் கட்டிய மலாய்த் தோழி. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு மாமா. ஒரே நிமிடத்தில் இரண்டு போன்களில் எடுத்த படங்கள். முதல் போன், இரண்டாம் போன் என்றே வைத்துக்கொள்வோம். எண்களை எளிமைக்காக நான் சீராக்கித் தருகிறேன்; உங்கள் படத்தில் வேறாக இருக்கும்.

முதல் பார்வைக்கு இரண்டாம் போன் படம்தான் நன்றாக இருக்கிறது. அக்காவின் முகம் தெளிவு, சேலை பளபளப்பு. முதல் போன் படம் கொஞ்சம் சோர்ந்து தெரிகிறது. இப்போது கணினியில் இரண்டையும் திறந்து, படத் திருத்தும் மென்பொருள்களில் சொட்டுக்குழாய் வடிவத்தில் இருக்கும் நிறம் எடுக்கும் கருவியால் சில இடங்களைத் தொட்டுப் பார்க்கலாம். அது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களைக் காட்டும். 0 என்றால் அறவே இல்லை, 255 என்றால் உச்சம்.

முகத்தைத் தொடுமுன் வேட்டியைத் தொடுங்கள். இதைத் தவிர்ப்பதால்தான் பாதிப் பேர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். முதல் போனில் வேட்டி 232, 230, 227. மூன்றும் ஏறக்குறைய சமம், அதாவது வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. இரண்டாம் போனில் 240, 231, 215. நீலம் குறைந்திருக்கிறது, ஆகவே படம் முழுக்க லேசான மஞ்சள் சாய்வு. இது தோலுக்கான டியூனிங் இல்லை, வெளிச்சத்தைப் பற்றிய ஊகம். போன் அடுத்த படத்தில் வேறு மாதிரி ஊகிக்கலாம். ஒரு படத்தின் மஞ்சளை வைத்து "இந்த பிராண்டே மஞ்சள்" என்று சொல்வது அவசரம்.

அடுத்து அக்காவின் கன்னம், வெயில் நேராக விழாத, பளபளப்பு இல்லாத இடத்தில். முதல் போனில் 142, 99, 76. இரண்டாம் போனில் 189, 135, 98. நிறச் சாய்வைக் கணக்கிட்டால் முதலாவது 21 பாகை, இரண்டாவது 24 பாகை. பெரிய வித்தியாசமில்லை, அந்த மூன்று பாகையும் வேட்டியில் பார்த்த மஞ்சள்தான். மாறியிருப்பது வெளிச்சம்: 142 எங்கே, 189 எங்கே.

சரி, இரண்டாம் போன் மொத்தப் படத்தையும் பிரகாசமாக்கியிருக்கலாமே என்று நினைக்கலாம். இல்லை. வேட்டி 232-லிருந்து 240-க்குத்தான் போயிருக்கிறது. பிரகாசத்தின் உச்சியில் எண்கள் நெருங்கித்தான் கிடக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம், அக்காவின் கையைத் தொட்டுப் பாருங்கள். பூத்தட்டைப் பிடித்திருக்கும் கை, முகத்துக்குக் கீழே அதே நிழலில். முதல் போனில் 128, 88, 67. இரண்டாம் போனில் 139, 97, 70. கை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, முகம் மட்டும் மேலே ஏறியிருக்கிறது. முகத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டும் தனியாக வெளுத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்தாலே இது தெரியும்: தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டதுபோல் நிறம் இறங்கும். பவுடர் அப்பி, கழுத்தை மறந்த கல்யாணப் பெண் மாதிரி.

இப்போது சீனத் தோழியின் கன்னம். முதல் போனில் 205, 164, 141. இரண்டாம் போனில் 214, 171, 142. கொஞ்சம்தான் ஏறியிருக்கிறார். அதாவது முதல் போனில் இருவருக்கும் நடுவே சிவப்பு எண்ணில் மட்டும் 63 வித்தியாசம் இருந்தது. இரண்டாம் போனில் அது 25 ஆகச் சுருங்கிவிட்டது. மலாய்த் தோழி இருவருக்கும் நடுவில் நின்றவர், அவரும் மேலே இழுக்கப்பட்டிருக்கிறார். மூன்று பேரும் ஒரே நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், ஒரு போனின் தோல் டியூனிங்கை அறிய இதைவிட நேரான சோதனை கிடையாது. ஒற்றை முகத்தைப் பார்த்து "சரியா, தவறா" என்று சொல்வது கடினம், அந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். வெவ்வேறு நிறத்தில் இரண்டு மூன்று பேர் ஒரே வெளிச்சத்தில் இருக்கும் படத்தில், அவர்களுக்குள் இருக்கும் இடைவெளி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது எளிது. மலேசியாவில் அப்படிப்பட்ட படத்துக்குப் பஞ்சமே இல்லை; அலுவலக விருந்து, பள்ளி ஒன்றுகூடல், திறந்த இல்ல உபசரிப்பு, எதை எடுத்தாலும் சரி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கறுத்த முகத்தைத் தூக்குவது எப்போதும் குற்றமில்லை. பின்னால் வெயில் கொளுத்தும்போது, பழைய போன்கள் வானத்தைக் காப்பாற்றிவிட்டு நம் முகத்தை வெறும் நிழலாக விட்டுவிடும். அங்கே முகத்தைத் தூக்கினால்தான் அது முகமாகவே தெரியும். நேரில் நின்ற உங்களுக்கு முகம் தெளிவாகத்தானே தெரிந்தது? ஆகவே முகம் எவ்வளவு ஏறியது என்பதை விட, ஏறிய பிறகு அவர் அவராக இருக்கிறாரா, கன்னத்தின் வளைவும் மூக்கின் நிழலும் மிச்சமிருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். தட்டையாகிவிட்டால் தூக்கியது அதிகம்.

அடர்த்தியை அளக்க முகத்தை விடச் சேலை வசதி. நிறத்தின் அடர்த்தியைக் கூட்டுவது என்றால், மூன்று எண்களில் பெரியதை இன்னும் பெரிதாக்கி, சின்னதை இன்னும் சின்னதாக்குவது. அரக்குப் பட்டில் சிவப்பு ஏற்கனவே உயரம். பச்சையும் நீலமும் ஏற்கனவே கீழே. கூட்டிக்கொண்டே போனால் கீழே இருப்பவை 0-ஐத் தொட்டு நின்றுவிடும். மடிப்பின் மேடும் பள்ளமும் அந்தச் சின்ன எண்களின் ஏற்ற இறக்கத்தில்தான் பெருமளவு இருக்கிறது, அது போய்விட்டால் சேலை சிவப்புக் காகிதம் ஒட்டியதுபோல் ஆகிவிடும். படத்தைப் பெரிதாக்கி, முந்தானை மடிப்புகளைப் பாருங்கள். இழை தெரிகிறதா, ஜரிகை தனித்தனிக் கம்பியாக நிற்கிறதா, அல்லது ஆரஞ்சுக் குழம்பாக ஓடியிருக்கிறதா? தங்க நகையும் நல்ல சாட்சி. அடர்த்தி கூடிய படத்தில் சங்கிலி எலுமிச்சை மஞ்சளுக்கோ ஆரஞ்சுக்கோ போய்விடும். நெற்றிக் குங்குமம் ரத்தச் சிவப்பாகி, ஓரம் தோலுக்குள் கசிந்ததுபோல் தெரியும். முகத்தில் அடர்த்தி கூடினால் காது நுனி, கண்ணோரம், உதடு ஆகிய இடங்கள்தான் முதலில் சிவக்கும்.

'இயல்பு' என்று பெயர் வைத்த தேர்வை அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. சில போன்களில் அந்தத் தேர்வு வானத்தையும் இலையையும் அடக்கும், முகத்துக்கான தனி வெளுப்பு அப்படியே இருக்கும். அழகூட்டும் அமைப்பு, பியூட்டி என்று எழுதியிருப்பது, போர்ட்ரெய்ட் முறையில் தனியாக ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. முன் கேமரா ஒரு மாதிரி, பின் கேமரா ஒரு மாதிரி. அகலக் கோண லென்ஸுக்கு மாறினால் வேறொரு நிறம். நான் பார்க்கும்போது முதலில் அழகூட்டலை அணைத்துவிட்டு, சாதாரணப் போட்டோ முறையில், பின்பக்க முதன்மைக் கேமராவில் மட்டும் ஒப்பிடுவேன். மற்றதெல்லாம் அப்புறம்.

வெளிச்சமும் ஏமாற்றும். அஞ்சடியில் நிற்கும்போது பின்னால் மஞ்சள் சுவர் இருந்தால், அந்த மஞ்சள் உண்மையிலேயே கன்னத்தில் வந்து விழும். அதைக் காட்டும் கேமரா சரியாகத்தான் காட்டுகிறது. மாமாக் உணவகத்தின் எல்இடி விளக்குகள் சிலவற்றில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அங்கே எந்தப் போனில் எடுத்தாலும் முகம் கொஞ்சம் பச்சை ஓடித்தான் இருக்கும். விளக்குப் பூசையில் எடுத்த படத்தில் வேட்டி சுத்த வெள்ளையாக வந்தால் அதுவும் இயல்பில்லை. தீபத்தின் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கும் எல்லாம் பொன்னிறமாகத்தான் தெரிந்தது. ஆகவே முதல் தீர்ப்புக்குப் பகல் நேரத் திறந்த நிழல்தான் நல்லது. இரவுப் படங்களைப் பிறகு பாருங்கள்.

இணைய விமர்சனங்களில் வரும் மாதிரிகளைப் பார்க்கும்போது ஒரு சிக்கல்: பல படங்களில் முகமே இருக்காது, இருந்தாலும் வெளிர்ந்த முகம் ஒன்றுதான். முகத்தைத் தூக்கும் மென்பொருளுக்கு அங்கே செய்ய வேலையே இல்லை. அந்தப் படம் நன்றாக இருப்பதிலிருந்து உங்கள் அம்மாவின் முகம் எப்படி வரும் என்று எதுவும் தெரியாது. இந்தியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ எடுத்த மாதிரிகளைத் தேடுங்கள். பக்கத்தில் தெரியும் சின்னப் படத்தை நம்பாமல், முழு அளவுக் கோப்பை இறக்கிப் பாருங்கள். யூடியூப் காணொளியில் காட்டும் படத்தை நிறத்துக்குச் சாட்சியாக எடுக்கவே வேண்டாம். விமர்சனம் எந்தத் தேதியில் வந்தது என்றும் கவனியுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் டியூனிங்கும் மாறலாம், வெளியான வாரத்தில் எடுத்த படம் இன்றைய போனுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பிறகு, எல்லா மாதிரிகளையும் ஒரே திரையில் பாருங்கள். பல போன்களின் திரைக்கே பளிச், இயல்பு என்று அமைப்பு உண்டு. இரவில் மஞ்சளாக்கும் கண் பாதுகாப்பு முறை வேறு. எச்டிஆர் படங்கள் எடுத்த போனின் திரையில் ஜொலித்துவிட்டு, இன்னொரு திரையில் சப்பென்று இருப்பதும் சாதாரணம். இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து "இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்பவர், பெரும்பாலும் திரைக்கு மதிப்பெண் போடுகிறார்.

பிரகாசமான படம் முதல் பார்வையில் எப்போதும் ஜெயிக்கும். அந்தக் கவர்ச்சியை எடுத்துவிட ஒரு வழி உண்டு. பிரகாசமான படத்தைத் திருத்தும் மென்பொருளில் போட்டு, முகம் இரண்டிலும் ஒரே அளவாகும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். நம் உதாரணத்தில் இரண்டாம் போன் படத்தை அப்படிக் குறைத்தால், அக்காவின் முகம் சரியான இடத்துக்கு வரும்போது வேட்டி சாம்பலாகி, கை கறுத்துப்போய்விடும். வெளுப்பு முகத்துக்கு மட்டும் செய்யப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எந்தப் படம் எந்தப் போனில் எடுத்தது என்பதை மறைத்து, வீட்டில் வேறு யாரிடமாவது காட்டுங்கள். "இவர் யார் மாதிரி இருக்கிறார்" என்று கேளுங்கள், "எது அழகு" என்று கேட்க வேண்டாம். இரண்டுக்கும் வரும் பதில் வேறு.

பிரங்கின் மால் போன்ற இடத்தில் கடையிலேயே சோதிப்பதாக இருந்தால், கூட ஒருவரை அழைத்துப் போங்கள், முடிந்தால் உங்களை விடக் கறுப்பாகவோ சிவப்பாகவோ இருப்பவரை. காட்சிக்கு வைத்த போனில் முந்தைய வாடிக்கையாளர் அழகூட்டலைப் போட்டுவிட்டுப் போயிருப்பார், பார்த்து அணைத்துவிடுங்கள். விளக்குக் கூட்டத்துக்கு நடுவே எடுக்காமல், கடைக்காரரிடம் கேட்டு வாசல் பக்கம் நகர்ந்து, கையில் ஒரு வெள்ளைக் காகிதத்தோடு இருவரையும் சேர்த்து எடுங்கள். முகமும் கையும் கழுத்தும் தெரிய வேண்டும். எடுத்த உடனே திரையில் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓரிரு நொடி கழித்து மென்பொருள் வேலை முடிந்ததும்தான் உண்மையான படம் வரும். அதை வாட்சாப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக, அதாவது டாக்குமென்ட் என்ற தேர்வில் அனுப்பினால் அப்படியே வரும். அனுப்பி முடித்ததும் கடைப் போனிலிருந்து உங்கள் கணக்கை வெளியேற்றிவிட்டு, படங்களையும் அழித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் முதலில் காகிதம், பிறகு கை, கழுத்து, கடைசியாக முகம் என்ற வரிசையில் தொட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு வெளுக்கும் போனையே ஒருவர் வாங்கினால் அதிலும் தவறில்லை, அது அவர் விருப்பம். ஆனால் ஒரு நடைமுறை வித்தியாசம் இருக்கிறது. இயல்பாக வந்த படத்தை எடிட் செய்து பளிச்சாக்க அரை நிமிடம் போதும். முகத்தில் மட்டும் ஏற்றிய வெளுப்பையும் 0-ஐத் தொட்டு அழிந்த சேலை மடிப்பையும் ஜேபெக் கோப்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. அப்படிப்பட்ட போன் ஏற்கனவே கையில் இருந்தால், முக்கியமான விசேஷங்களுக்கு மட்டும் புரோ முறையில், சென்சார் கொடுத்த கச்சா படத்தை வைத்திருக்கும் ரா கோப்பையும் சேர்த்துச் சேமிக்கும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களில் முகத்துக்கான தனி வைத்தியம் ரா கோப்பில் ஏறுவதில்லை. கோப்பு பெரிதாக இருக்கும், திறந்ததும் மங்கலாகத் தெரியும், நிறத்தை நீங்களே சரிசெய்ய வேண்டும்.